சொல் தேடலில் தலைகீழாகவும் சாய்வாகவும் ஒளிந்திருக்கும் சொற்களைப் பிடிப்பது எப்படி?

சொல் தேடல் கட்டம் ஒன்றைக் கையில் எடுத்தால் முதல் ஐந்து நிமிடத்தில் பாதிச் சொற்கள் கிடைத்துவிடும். மீதிப் பாதிக்கு அரை மணி நேரம் போகும். அந்த மீதிப் பாதி பெரும்பாலும் மூன்று வகைதான்: வலமிருந்து இடமாகவோ கீழிருந்து மேலாகவோ எழுதியவை, சாய்வாகப் போகிறவை, நாம் ஏற்கெனவே வட்டமிட்ட பெரிய சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பவை. இந்த மூன்றையும் கண்ணை ஓடவிட்டுத் தேடாமல், வரிசை பிடித்துத் தேடுவது எப்படி என்று ஒரு சிறு கட்டத்தை வைத்தே பார்ப்போம்.

இந்த விளையாட்டு 1968இல் அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் நார்மன் கிபாட் என்பவர் வெளியிட்ட கட்டத்திலிருந்து பரவியது என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆங்கிலத்தில் பிறந்ததால் அதற்கான உத்திகளும் ஆங்கில எழுத்துகளை நம்பியே இருக்கின்றன. அபூர்வமான எழுத்தைத் தேடு, இரட்டை எழுத்தைத் தேடு என்பார்கள். தமிழ்க் கட்டத்துக்கு அதைவிட நல்ல துப்பு ஒன்று உண்டு: நம் எழுத்துகளே தாங்கள் சொல்லின் தொடக்கமா, நடுவா, முடிவா என்று ஓரளவு காட்டிக்கொடுத்துவிடும். இந்தக் கட்டுரை முழுக்க அந்தத் துப்பைத்தான் பின்பற்றப் போகிறது.

நம் கட்டம்

ஏழுக்கு ஏழு. ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. புள்ளி வைத்த மெய்யெழுத்துக்கும் தனிக் கட்டம். மேலே உள்ள எண் நெடுவரிசை, இடது ஓரத்து எண் கிடைவரிசை. (5,6) என்று எழுதினால் 5ஆம் கிடைவரிசை, 6ஆம் நெடுவரிசை என்று கொள்ளுங்கள்.

| | 1 | 2 | 3 | 4 | 5 | 6 | 7 |
|---|---|---|---|---|---|---|---|
| 1 | அ | மீ | ன் | கொ | த் | தி | ட |
| 2 | ல் | யி | ம | எ | ல் | லா | ஒ |
| 3 | வி | ரு | கு | க் | டு | ட் | சி |
| 4 | தை | ம் | எ | ங் | ட | ண் | ல் |
| 5 | ந் | கி | று | க | ர | ணி | ந |
| 6 | ஆ | டை | ம் | மீ | அ | கு | த் |
| 7 | து | வி | பு | ட் | ன் | ட | தே |

தேட வேண்டிய சொற்கள் 11: அணில், ஆந்தை, எறும்பு, ஒட்டகம், குரங்கு, குருவி, சிட்டுக்குருவி, நண்டு, மயில், மீன், மீன்கொத்தி.

விருப்பம் இருந்தால் இங்கேயே நிறுத்தி ஒருமுறை நீங்களே முயன்று பாருங்கள். மீன்கொத்தியும் எறும்பும் சட்டென்று கிடைத்திருக்கும். ஒன்று இடமிருந்து வலம், இன்னொன்று மேலிருந்து கீழ். நம் கண் பழகிய திசைகள் இவை இரண்டும்தான்.

ஆனால் ஒரு சொல் எட்டுத் திசையில் போகலாம். அணில் போன்ற மூன்றெழுத்துச் சொல்லை இந்தச் சின்னக் கட்டத்தில் எத்தனை விதமாக வைக்க முடியும் என்று எண்ணிப் பார்த்தேன். கிடையாக 35 இடம், நெடுக 35, இரண்டு சாய்விலும் சேர்த்து 50. ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமிருந்தும் படிக்கலாம் என்பதால் மொத்தம் 240. இதில் இடமிருந்து வலமாகப் படிப்பது வெறும் 35. கண்ணை மேயவிட்டால் அந்த 35ஐத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்போம். எனவே 240 இடங்களையும் பார்ப்பது எப்படி என்று யோசிப்பதைவிட, எவற்றைப் பார்க்கவே தேவையில்லை என்று கழிப்பதுதான் வேலை.

முதலில் கட்டத்தை அல்ல, பட்டியலைப் படியுங்கள்

பென்சிலை எடுக்கும் முன் பட்டியலில் இரண்டு காரியம் செய்துவிடுங்கள்.

ஒன்று, ஒரு சொல்லுக்குள் இன்னொரு சொல் இருக்கிறதா என்று பாருங்கள். நம் பட்டியலில் சிட்டுக்குருவிக்குள் குருவி இருக்கிறது. மீன்கொத்திக்குள் மீன் இருக்கிறது. இந்த இரண்டு குட்டிச் சொற்களுக்கும் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டுக்கொண்டு இப்போதைக்கு விட்டுவிடுங்கள். இவற்றைக் கடைசியில்தான் தொடப்போகிறோம். காரணம் அங்கே சொல்கிறேன்.

இரண்டு, உயிரெழுத்தில் தொடங்கும் சொற்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அணில், ஆந்தை, எறும்பு, ஒட்டகம் என நான்கு. இவைதான் முதல் இரை.

உயிரெழுத்து: எப்போதும் தொடக்கம்

தமிழ்ச் சொல்லில் அ, ஆ, இ, ஈ போன்ற தனி உயிரெழுத்து முதலில்தான் வரும். அளபெடை மாதிரியான சில விதிவிலக்குகள் உண்டு. விளையாட்டுக் கட்டத்தில் அவற்றை நான் கண்டதில்லை. ஆகவே கட்டத்தில் ஓர் உயிரெழுத்தைப் பார்த்தால் அது ஒரு சொல்லின் முதலெழுத்து, இல்லாவிட்டால் இடம் நிரப்பப் போட்ட வெற்றெழுத்து. மூன்றாவது வாய்ப்பு கிடையாது.

நம் கட்டத்தில் உயிரெழுத்துகள் ஆறு: (1,1) அ, (2,4) எ, (2,7) ஒ, (4,3) எ, (6,1) ஆ, (6,5) அ. தேடும் சொற்கள் நான்கு. அப்படியானால் இரண்டு பொய்.

ஒட்டகத்தை எடுத்துக்கொள்வோம். ஒ ஒன்றே ஒன்றுதான், (2,7)இல், வலது ஓரத்தில். அங்கிருந்து ஐந்து எழுத்து நீள வேண்டும். வலப்பக்கம் இடமே இல்லை. மேலே ஒரு வரிசைதான் இருக்கிறது, அதனால் மேல்நோக்கிய திசைகளும் போயின. மிஞ்சுவது மூன்று: நேர் கீழே, இடப்பக்கம், கீழ் இடச் சாய்வு. இரண்டாவது எழுத்து ட். நேர் கீழே சி, இடப்பக்கம் லா, சாய்வில் ட். சரி, சாய்வுதான். (3,6) ட், (4,5) ட, (5,4) க, (6,3) ம். ஒட்டகம் கிடைத்தாயிற்று. எட்டுத் திசையில் நாம் உண்மையில் பார்த்தது மூன்றை மட்டும்.

இதையே பழக்கமாக்கிக்கொள்ளலாம். முதலெழுத்தில் விரலை வைத்ததும், சொல்லின் நீளத்துக்கு இடம் இருக்கிற திசைகள் எவை என்று முதலில் பாருங்கள். ஓரத்தில் இருக்கும் எழுத்துக்குப் பாதித் திசைகள் தாமாகவே அடிபட்டுவிடும்.

எறும்புக்கு இரண்டு எ. (2,4)இல் உள்ள எ-வைச் சுற்றி எட்டு எழுத்தையும் பாருங்கள்: ன், கொ, த், ம, ல், கு, க், டு. று இல்லை, எனவே அது பொய். (4,3)இல் உள்ள எ-வுக்குக் கீழே று இருக்கிறது. அதே எ-வுக்கு மேல் இடச் சாய்வில் ரு இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். அவசரத்தில் ரு, று இரண்டும் ஒன்றாகத் தெரியும். அந்தச் சாய்வில் இறங்கி அடுத்த எழுத்து ல் என்று கண்டதும், எறும்பு இங்கே இல்லை என்று அந்த எ-வையே கைவிட்டுவிடுவோம். ன/ண, ல/ள, ர/ற கலந்த சொற்களில் இரண்டாவது எழுத்துப் பொருந்தாவிட்டால், அந்தத் தொடக்கத்தை விட்டு நகரும் முன் சுற்றி எட்டையும் ஒருமுறை முடித்துவிடுவது நல்லது.

ஆ இடது ஓரத்தில் (6,1)இல். மேலே ந், அதற்கு மேலே தை. கீழிருந்து மேலாக ஆந்தை. அணில் இன்னும் பாக்கி. அதை வேறு வழியில் பிடிப்போம், ஏனென்றால் அதில் கற்க வேண்டிய இன்னோர் உத்தி இருக்கிறது.

புள்ளியெழுத்து: திசை காட்டும் அம்பு

மெய்யெழுத்தில் தமிழ்ச் சொல் தொடங்காது. ‘ஸ்டேஷன்’, ‘ப்ளாஸ்டிக்’ என்று எழுதும் கடன்சொற்கள் பட்டியலில் இருந்தால் மட்டும் இதைத் தளர்த்திக்கொள்ளுங்கள். முடிவிலும் எல்லா மெய்யும் வருவதில்லை. ம், ன், ண், ல், ள், ர், ழ், ய் ஆகியவைதான் வழக்கமாகச் சொல்லை முடிப்பவை. க், ச், ட், த், ப், ற் ஆகிய வல்லின மெய்கள் சொல்லின் நடுவில்தான் இருக்கும்.

இதிலிருந்து தலைகீழ்ச் சொற்களுக்கான அடையாளம் கிடைக்கிறது. க்க, ட்ட, த்த, ந்த, ண்ட, ங்க, ம்ப, ற்ற என்று நாம் எழுதும் இணைகளில் மெய் முன்னே, உயிர்மெய் பின்னே. ஒரு வரிசையை இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டு போகையில் உயிர்மெய் முன்னேயும் அதன் மெய் பின்னேயும் வந்தால், ‘கு க்’ ‘டு ட்’ ‘தி த்’ என்று நாக்கு இடறினால், அங்கே ஒரு சொல் உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

மூன்றாம் வரிசையைப் பாருங்கள்: வி ரு கு க் டு ட் சி. ‘கு க்’ ஒன்று, ‘டு ட்’ ஒன்று. ஒரே வரிசையில் இரண்டு இடறல். வலது கோடியிலிருந்து படித்தால் சி ட் டு க் கு ரு வி. ஏழெழுத்துச் சொல், கண் முன்னால் ஒரு முழு வரிசையை அடைத்துக்கொண்டு இருக்கிறது. நேராகப் படித்தால் ‘விருகுக்டுட்சி’ என்று ஏதோ உளறல். நீளமான சொல் சீக்கிரம் கண்ணில் படும் என்பார்கள். தலைகீழாக இருந்தால் அப்படி ஒன்றுமில்லை.

இரண்டாம் வரிசை ல் என்று தொடங்குகிறது: ல் யி ம. சொல் மெய்யில் தொடங்காது, ஆனால் முடியும். அப்படியானால் இது யாருடைய வால்? ல்-இல் முடியும் சொற்கள் பட்டியலில் இரண்டு, மயிலும் அணிலும். வலமிருந்து படித்தால் ம யி ல்.

தலைகீழாகப் படிப்பது சிலருக்கு வரவே வராது. எனக்கும் ஆரம்பத்தில் வரவில்லை. அதற்கு ஒரு குறுக்குவழி: கண்ணைத் திருப்பாமல் சொல்லைத் திருப்பிவிடுங்கள். பட்டியலில் மயில் பக்கத்திலேயே ‘ல்-யி-ம’ என்றும், நண்டு பக்கத்தில் ‘டு-ண்-ந’ என்றும் எழுதிக்கொண்டு, அதை வழக்கம்போல் இடமிருந்து வலமாகவும் மேலிருந்து கீழாகவும் தேடுங்கள். திருப்பும்போது எழுத்து எழுத்தாகத் திருப்ப வேண்டும். கொ என்பது கொ-வாகவே இருக்கும், கொம்பும் காலும் பிரியக் கூடாது. மீன்கொத்தியைத் திருப்பினால் தி-த்-கொ-ன்-மீ.

மெய்கள் சொல்லைக் காட்டுவதோடு நிற்பதில்லை. இடத்தைக் கழிக்கவும் உதவும். ஏழாம் வரிசையில் ‘ட் ன்’ என்று இரண்டு மெய் அடுத்தடுத்து நிற்கின்றன. தமிழ்ச் சொல்லுக்குள் இரண்டு மெய் சேர்ந்து வரவேண்டுமானால் முதல் மெய் ய், ர், ழ் ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டும் (பார்த்து, வாழ்க்கை, மெய்ப்பு). ட்ன் என்றோ, திருப்பினால் ன்ட் என்றோ வராது. ஆகவே அந்த இடத்தைத் தாண்டிக் கிடையாக எந்தச் சொல்லும் போக முடியாது. பென்சிலால் அங்கே ஒரு சின்னச் சுவர் வைத்துவிடலாம். பெரிய கட்டங்களில் இந்தச் சுவர்கள் மிகவும் பயன்படும். நீளமான வரிசை ஒன்று மூன்று துண்டாக உடைந்துவிட்டால் ஆறெழுத்துச் சொல்லுக்கு அங்கே வேலையில்லை.

ஓர் எச்சரிக்கை. வெற்றெழுத்துகளைக் கண்டபடி போட்டிருந்தால் இந்த இடறல் அடையாளங்கள் தற்செயலாகவும் வரும். அடையாளம் என்பது ‘இங்கே பார்’ என்று சொல்வது மட்டும்தான்.

நடு எழுத்தைப் பிடித்து இரு பக்கமும் பார்ப்பது

சாய்வான சொற்களுக்கு வருவோம். புதியவர்கள் செய்யும் பொதுவான காரியம் முதலெழுத்தைத் தேடுவது. குரங்குக்குக் கு, நண்டுக்கு ந. நான் நடுவில் இருக்கும் எழுத்தைத்தான் தேடுவேன். காரணம் எளிது. முதலெழுத்தைச் சுற்றி எட்டுத் திசை பார்க்க வேண்டும். நடு எழுத்துக்கு நான்கே கோடுகள்: கிடை, நெடுக்கு, இரண்டு சாய்வு. ஒவ்வொரு கோட்டிலும் எதிரெதிராக இருக்கும் இரண்டு எழுத்தும் ஒருசேரப் பொருந்த வேண்டும். ஒரு பக்கம் தற்செயலாகப் பொருந்தலாம். எதிர்ப் பக்கமும் பொருந்துவது அரிது. அதோடு தலைகீழா நேரா என்ற கவலையே இதில் இல்லை, இரண்டும் ஒரே பார்வையில் அடங்கிவிடும்.

அணிலின் நடு எழுத்து ணி. கட்டத்தில் ஒரே ஒரு ணி, (5,6)இல். கிடையாக அதன் இரு பக்கமும் ர, ந. மேலும் கீழும் ண், கு. ஒரு சாய்வில் ட, த். மறு சாய்வில் ல், அ. வந்துவிட்டது: கீழே (6,5)இல் அ, நடுவில் ணி, மேலே (4,7)இல் ல். கீழ் இடமிருந்து மேல் வலமாக ஏறும் சாய்வு. இந்தத் திசையில் போகும் சொல்லைத்தான் பலரும் கடைசிவரை விட்டுவைப்பார்கள். 240 இடம் என்று எண்ணினோமே, நான்கு கோடுகளில் முடிந்துவிட்டது.

குரங்குக்கு எந்த எழுத்தைப் பிடிப்பது? கு கூடாது. அது கட்டத்தில் இரண்டு முறை வருகிறது, சொல்லிலும் இரண்டு முறை வருகிறது. எது முதல், எது கடைசி என்று குழப்பும். ங் நல்ல பிடி. ஒரே இடத்தில், (4,4)இல் இருக்கிறது. ங்-க்கு அடுத்துக் க வரிசை எழுத்துதான் வரும் என்பதால் சுற்றிலும் க வரிசை எது என்று பார்த்தால், (3,3) கு, (5,4) க என இரண்டு. நமக்குக் கு வேண்டும். அதன் நேர் எதிரே (5,5)இல் ர இருக்கிறதா? இருக்கிறது. அதே கோட்டில் இன்னும் ஒரு படி இறங்கினால் (6,6) கு. கீழ் வலத்திலிருந்து மேல் இடத்துக்குத் தலைகீழாக ஏறுகிறது குரங்கு.

நண்டுக்கு ண், (4,6)இல். எதிரெதிர் இணைகள்: ட–ல், ட்–ணி, சி–ர, டு–ந. கடைசி இணைதான். இதுவும் மேல் இடத்துக்கு ஏறும் சாய்வு.

நடு எழுத்து கட்டத்தின் ஓரத்தில் இருந்தால் வேலை இன்னும் சுலபம். ஓரத்தில் இருக்கும் எழுத்தின் ஒரு பக்கம் வெளி. ஆகவே அது ஒரு சொல்லின் நடுவாக இருக்க வேண்டுமானால், அந்தச் சொல் ஓரத்தோடு ஒட்டித்தான் ஓட வேண்டும். ஆந்தையின் ந் முதல் நெடுவரிசையில் இருந்தது; எனவே ஆந்தை அந்த நெடுவரிசையிலேயே மேலோ கீழோ போயிருக்க வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். இதைத் திருப்பியும் போடலாம்: (6,7)இல் வலது ஓரத்தில் ஒரு த். வல்லின மெய் நடுவில்தான் வரும், ஓரத்து நடு எழுத்து நெடுக்கில்தான் ஓடும். மேலே ந, கீழே தே. பட்டியலில் அப்படி எதுவும் இல்லை. த் வெறும் வெற்றெழுத்து, தீர்ந்தது. மூலையில் இருக்கும் எழுத்தோ எந்தச் சொல்லுக்கும் நடுவாக இருக்கவே முடியாது.

கட்டம் பெரிதானால்: தாளின் ஓரம்

பதினைந்துக்குப் பதினைந்து கட்டத்தில் ஒரே எழுத்து பத்து இடத்தில் வரும். நடு எழுத்து உத்தி அங்கேயும் செல்லும். ஆனால் சொல்லில் தனித்துவமான எழுத்து எதுவும் இல்லாவிட்டால் (தலை, பகல் மாதிரி) சாய்வு வரிசைகளை ஒவ்வொன்றாகப் படித்துத்தான் ஆக வேண்டும். அப்போது சிக்கல் என்னவென்றால், மூன்றாவது எழுத்துக்குள் கண் பக்கத்துச் சாய்வுக்கு வழுக்கிவிடும்.

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, அதன் நேர் ஓரத்தைச் சாய்வோடு ஒட்டி வையுங்கள். தாளுக்குக் கீழே உள்ளவை மறைந்துவிடும்; ஓரத்தை ஒட்டிய ஒரு வரிசைதான் கண்ணில் நிற்கும். அடுத்து, புத்தகத்தையே 45 பாகை திருப்புங்கள். இப்போது சாய்வு உங்களுக்குக் கிடைவரிசை. எழுத்துகள் சாய்ந்து தெரிந்தாலும் வரிசை பிடிபடும். ஒரு மூலையில் தொடங்கித் தாளை ஒவ்வொரு படியாக நகர்த்தி எதிர் மூலை வரை வாருங்கள். பிறகு புத்தகத்தை மறுபக்கம் திருப்பி இன்னொரு சாய்வு.

மூலையில் உள்ள குட்டிச் சாய்வுகளில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். நம் ஏழு கட்டத்தில் ஒரு பக்கச் சாய்வுகள் மொத்தம் 13. மூன்றெழுத்தாவது கொள்ளக்கூடியவை 9, நான்கெழுத்து கொள்ளக்கூடியவை 7. இன்னும் கிடைக்காத சொற்களில் மிகச் சிறியது எத்தனை எழுத்து என்று பார்த்து, அதைவிடக் குட்டையான சாய்வுகளைத் தாண்டிவிடுங்கள்.

சொல்லுக்குள் சொல்

நட்சத்திரம் போட்டு வைத்த இரண்டுக்கு வருவோம்: குருவி, மீன்.

முதலில் ஒரு விஷயம். ஒரு சொல்லுக்குள் இன்னொன்று இருக்கிறதா என்பதைக் காதால் முடிவு செய்யாதீர்கள், கட்டத்தால் முடிவு செய்யுங்கள். ‘கரடி’ என்று சொல்லிப் பார்த்தால் உள்ளே ‘அடி’ கேட்கிறது. ஆனால் எழுத்துகள் க, ர, டி. அ எங்கே? உயிரெழுத்தில் தொடங்கும் சொல் இன்னொரு சொல்லின் நடுவில் ஒளிய வழியே இல்லை. அதேபோல் கடற்கரைக்குள் கடல் இல்லை, ல் என்பது ற் ஆகிவிட்டது. மரங்கொத்திக்குள் மரம் இல்லை, ம் என்பது ங் ஆகிவிட்டது. பொருள் உள்ளே இருந்தாலும் எழுத்து உள்ளே இல்லை. மறுபக்கம், பொருளுக்குச் சம்பந்தமே இல்லாத சொற்கள் முழுசாக உள்ளே இருக்கும்: குதிரைக்குள் திரை, கல்விக்குள் கல். பின்னாலிருந்து படித்தால் விகடத்துக்குள் கவி.

ஆகவே நீளமான சொல் ஒவ்வொன்று கிடைத்ததும் அதை இரண்டு திசையிலும், ஒவ்வோர் எழுத்தாக விட்டுவிட்டுப் படித்துப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். சிட்டுக்குருவியில் முதல் எழுத்தை விட்டால் ட், தொடக்கமாகாது. அடுத்து ‘டுக்குருவி’, இல்லை. க், ஆகாது. ‘குருவி’, இருக்கிறது. ‘ருவி’, ‘வி’, இல்லை. மெய்யில் தொடங்கும் துண்டுகளைப் பார்க்கவே வேண்டாம் என்பதால் வேலை சீக்கிரம் முடிகிறது. முன்பக்கத் துண்டுகளும் உண்டு: பட்டியலில் ‘சிட்டு’ இருந்திருந்தால் அதுவும் இங்கேயே.

சரி, குருவி உள்ளே இருக்கிறது. அதையே எடுத்துக்கொள்ளலாமா? இங்கேதான் கட்டம் அமைப்பவர்கள் இரண்டு விதம். சிலர் உள்ளே இருப்பதையே கணக்கில் எடுப்பார்கள். சிலர் குட்டிச் சொல்லைத் தனியாக வேறோர் இடத்திலும் வைத்திருப்பார்கள். அதனால்தான் இவற்றைக் கடைசிக்குத் தள்ளச் சொன்னேன். மற்றதெல்லாம் வட்டமிட்ட பிறகு, குட்டிச் சொல்லைத் தனியாக ஒருமுறை தேடுங்கள். கிடைத்தால் அது, கிடைக்காவிட்டால் உள்ளே இருப்பது.

குருவிக்கு நடு எழுத்து ரு. கட்டத்தில் ஒரே ரு, அதுவும் சிட்டுக்குருவிக்குள். எனவே தனிக் குருவி இல்லை. மீனுக்கு மீ இரண்டு இடத்தில் இருக்கிறது. (1,2)இல் உள்ளது மீன்கொத்தியின் தலை. மற்றொன்று (6,4)இல்; அதற்குக் கீழ் வலச் சாய்வில் (7,5) ன். தனி மீன் ஒன்று சாய்வாக இறங்குகிறது.

இரண்டெழுத்துச் சொற்களைக் கடைசிக்குத் தள்ளுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவை தற்செயலாகவே உருவாகும். ஆறாம் வரிசை தொடக்கத்தில் ‘ஆடை’ என்று ஒரு சொல் இருப்பதைப் பார்த்தீர்களா? அது யாரும் வைத்ததல்ல. ஆந்தையின் ஆ-வும் ஒரு வெற்றெழுத்தும் பக்கத்தில் நின்றதால் வந்தது. பட்டியலில் இல்லாத சொல்லை வட்டமிட்டால் கட்டம் வீணாகக் குழம்பும்.

வட்டமிடுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிடைத்த சொல்லின் எழுத்துகளைக் கறுப்படித்து மறைக்காதீர்கள். நம் கட்டத்தில் நான்கு எழுத்துகள் இரண்டு தனிச் சொற்களுக்குப் பொது: சிட்டுக்குருவியின் ட் ஒட்டகத்துக்கும், டு நண்டுக்கும், கு குரங்குக்கும் வேண்டும், ஒட்டகத்தின் ம் எறும்புக்கும் வேண்டும். மூன்றாம் வரிசையை அடித்துவிட்டிருந்தால் இதில் மூன்று சொற்கள் கைநழுவிப் போயிருக்கும். எழுத்துகளின் ஊடே மெல்லிய கோடு ஒன்று போதும்.

மீந்த எழுத்துகளைப் படியுங்கள்

பல கட்டங்களில் வெற்றெழுத்துகள் வெறுமனே இருப்பதில்லை. வரிசையாகப் படித்தால் ஒரு வாக்கியம் வரும். நம் கட்டத்திலும் அப்படித்தான். கோடு படாத எழுத்துகள் 14. மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாக எடுத்து எழுதினால்: அ, ட, எ, ல், லா, ம், கி, டை, த், து, வி, ட், ட, தே. ‘அட, எல்லாம் கிடைத்துவிட்டதே!’

மீனை மீன்கொத்திக்குள்ளேயே எடுத்துக்கொண்டு, தனி மீனை விட்டிருந்தால்? 16 எழுத்து மீந்து, ‘அடஎல்லாம்கிடைமீத்துவிட்ன்டதே’ என்று வந்திருக்கும். இடையில் துருத்திக்கொண்டு நிற்கும் மீ, ன் இரண்டும் எந்தச் சொல் விடுபட்டது என்றே சொல்லிவிடுகின்றன. மறைவாக்கியம் உள்ள கட்டங்களில் உள்ளே இருப்பதா, தனியாக இருப்பதா என்ற சந்தேகத்தைத் தீர்க்க இதைவிட நல்ல வழி இல்லை. சில கட்டங்களில் வாக்கியத்துக்குப் பதில், இத்தனை எழுத்து மீதம் என்று எண்ணிக்கை மட்டும் கொடுத்திருப்பார்கள். அதுவும் போதும்.

ஆனால் இந்தச் சோதனைக்கு ஓர் ஓட்டை உண்டு. குருவியை நீங்கள் மறந்தே போயிருந்தாலும் வாக்கியம் சரியாகத்தான் வரும், ஏனென்றால் அதன் எழுத்துகள் எல்லாம் ஏற்கெனவே சிட்டுக்குருவியின் கோட்டுக்குள் போய்விட்டன. அதற்குப் பட்டியலில் ஒவ்வொரு சொல்லாக டிக் போட்டு எண்ணுவதுதான் வழி. 11 வருகிறதா?

அப்புறம், திரையில் விளையாடுகிறவர்களுக்கு மட்டும் ஒன்று. தமிழுக்கென்று செய்யாத சில செயலிகள் தமிழ்ச் சொல்லைக் கட்டத்தில் போடும்போது எழுத்தை உடைத்துவிடும். ஒரு கட்டத்தில் க, அடுத்த கட்டத்தில் துணைக்கால் அல்லது கொக்கி தனியாக, புள்ளி வேறொரு கட்டத்தில், பக்கத்தில் ஒரு புள்ளிவட்டம் என்று தெரியும். அந்தக் கட்டத்தில் இங்கே சொன்ன உயிர், மெய் அடையாளங்கள் எதுவும் செல்லாது. நான் அப்படிப்பட்டதைத் திறந்த உடனே மூடிவிடுவேன்.